படி ஏற முடியாத பெரியவர்களோடு விமானப் பயணம்: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஜூன் மாதம் அம்மாவைப் புனேவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு வயது 71. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சமதரையில் மெதுவாக நடப்பார். நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் நின்றுவிடுவார். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தோம், அதனால் கவலை இல்லை என்று நினைத்தோம். பெங்களூரில் நாற்காலி வந்தது. கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டும் போனார்கள். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றது விமானம் இல்லை, ஒரு பஸ். அந்தப் பஸ் எங்களை இறக்கிவிட்ட இடத்தில், மழையில் நனைந்தபடி ஓர் இரும்புப் படிக்கட்டு. எண்ணிப் பார்த்தேன், இருபது படி.

"நாற்காலி கேட்டிருக்கிறோமே" என்றேன். ஊழியர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "சார், இவர் படி ஏறுவார் என்றுதான் பதிவாகியிருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது சரி. டிக்கெட் எடுக்கும்போது தவறான கட்டத்தைத் தொட்டது நாங்கள்தான். அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. திரும்பி வரும்போது சரியாகக் கேட்டோம். அம்மா ஒரு படிகூட ஏறவில்லை, கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

1. விமானத்துக்குள் போக மூன்று வழிகள் இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வழி ஏரோபிரிட்ஜ். முனையக் கட்டடத்திலிருந்து விமானத்தின் கதவு வரை நீளும் மூடிய நடைபாதை. படி கிடையாது, லேசான சரிவு மட்டும் இருக்கும். சக்கர நாற்காலி கதவு வரைக்கும் போகும்.

இரண்டாவது வழி பஸ்ஸும் படிக்கட்டும். விமானம் கட்டடத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி, திறந்த தளத்தில் நிற்கும். ஊழியர்கள் இதை 'ரிமோட் பே' என்பார்கள். பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் அடியில் இறக்குவார்கள். அங்கிருந்து, தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தும் படிக்கட்டில் ஏற வேண்டும். உள்நாட்டில் அதிகம் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்களின் கதவு ஏறக்குறைய ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. சில நிறுவனங்கள் படிக்குப் பதிலாக வளைந்து வளைந்து ஏறும் சாய்தளத்தைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அது கிடைத்தால் நாற்காலியையே மேலே தள்ளிப் போகலாம். ஆனால் எல்லா நிறுவனங்களும் வைத்திருப்பதில்லை, வைத்திருப்பவர்களிடமும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை.

மூன்றாவது வழி சிறிய விமானம். தருமபுரிப் பக்கத்தவர்கள் ஓமலூருக்கு அருகில் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்குப் போனால், ஏடிஆர் என்ற விசிறி வைத்த விமானம்தான் பெரும்பாலும் நிற்கும். இதில் பின்பக்கக் கதவே கீழே மடிந்து படியாகிவிடும். விமானம் தாழ்வாக நிற்பதால் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவில்தான் படிகள். ஆனால் படி குறுகல். அருகருகே இருவர் ஏற முடியாது. அம்மாவைத் தோளோடு அணைத்து ஏற்றிவிடலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது.

ஏரோபிரிட்ஜா, பஸ்ஸா என்பதை உங்கள் டிக்கெட் தீர்மானிப்பதில்லை. எந்த விமானம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நிலையத்தார் அன்றைய நெரிசலைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். முந்தைய விமானம் தாமதமானால் கடைசி அரைமணி நேரத்தில்கூட மாறும். எங்கள் போர்டிங் பாஸில் முதலில் இருந்த கேட் மேல்தளத்தில் இருந்தது. பிறகு திரையில் கேட் மாறி, கீழ்த்தளத்துக்கு இறங்கச் சொன்னார்கள். மேலிருந்து கீழே இறங்கிப் போகும் கேட் என்றால் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது: ஒவ்வொரு பயணத்தையும் பஸ்ஸும் படிக்கட்டும்தான் என்று நினைத்தே திட்டமிடுங்கள். ஏரோபிரிட்ஜ் கிடைத்தால் லாபம்.

2. டிக்கெட் எடுக்கும்போது: R வேண்டாம், S கேளுங்கள்

சக்கர நாற்காலி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை விமான நிறுவனங்கள் மூன்றாகப் பிரித்திருக்கின்றன. உலகம் முழுவதும் ஒரே குறியீடுகள்தான்.

`WCHR` என்றால் இவருக்குத் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார், விமானத்துக்குள் தன் இருக்கைக்கு நடந்து போவார் என்று பொருள். இதைக் கேட்டால் நாற்காலி விமானத்தின் அடி வரைக்கும்தான்.

`WCHS` என்றால் இவருக்குப் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் நடப்பார். கதவு வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு.

`WCHC` என்றால் இவரால் நடக்கவே முடியாது. இருக்கை வரைக்கும் குறுகிய நாற்காலியில் கொண்டுபோய் அமர்த்த வேண்டும்.

முழங்கால் தேய்ந்தவர்கள், இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மூச்சு வாங்குபவர்கள் எல்லாருக்கும் பெரும்பாலும் பொருந்துவது நடுவில் இருக்கும் `WCHS`. ஆனால் இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது பட்டியலில் முதலில் கண்ணில் படுவது `WCHR`. "படி ஏறக்கூடியவர்" என்ற வரியைப் படிக்காமல் அதைத் தொட்டுவிடுகிறோம். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "வீல்சேர் போட்டுவிட்டேன் அண்ணா" என்று அவர் சொன்னால், எது போட்டீர்கள் என்று கேளுங்கள். குறியீட்டைக் கண்ணால் பாருங்கள்.

பெரியவர்களும் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குவார்கள். படி ஏறுவீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் மெதுவாக ஏறிவிடுவேன் கண்ணு" என்று என் அம்மா சொன்னார். வீட்டுத் திண்ணையின் மூன்று படியை மனதில் வைத்துச் சொன்ன பதில் அது. அப்படிக் கேட்காதீர்கள். மாடி வீட்டுக்கு நிற்காமல் ஏறிப் போவீர்களா, ஒரு கையில் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு என்று கேளுங்கள். தயங்கினாலே `WCHS` போட்டுவிடுங்கள்.

புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது இதைச் சொல்லிவிட வேண்டும். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியில் இருக்கும் கணக்கு அது. தேவைப்படுபவருக்கு இந்த உதவி இலவசம். வயதையும் முழங்காலையும் காரணம் காட்டி நாற்காலி கேட்பதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டியதில்லை. அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலோ, வழியில் ஆக்சிஜன் தேவைப்பட்டாலோ மட்டும் நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்க வேண்டியிருக்கும். அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே தொடங்குங்கள்.

உங்கள் இருவர் டிக்கெட்டும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் நீங்கள் அவருடைய துணை என்பது அவர்கள் திரையில் தெரியாது. துணையாக ஒருவரைத்தான் கூட விடுவார்கள் என்னும்போது அது பெரிய விஷயம்.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்களின் ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி இருக்கும், டிக்கெட்டில் வேறு மாதிரி விரித்து எழுதியிருப்பார்கள். அடையாள அட்டையில் இருப்பதுபோலவே டிக்கெட்டிலும் இருந்தால் வாசலில் தகராறு இல்லை. அசல் அட்டையையே கையில் வைத்திருங்கள்.

3. இருக்கை

பெரியவருக்கு முன்வரிசைகளில், நடைபாதை ஓரத்தில் ஓர் இருக்கை எடுங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். நான் கொடுத்துவிடச் சொல்வேன். படி ஏற முடியாதவர்களைக் கதவு உயரத்துக்குத் தூக்கிவிடும் உதவி வண்டி பெரும்பாலும் முன்கதவில்தான் வந்து சேரும்; பத்தொன்பதாம் வரிசைக்கு நடப்பதற்கும் நான்காம் வரிசைக்கு நடப்பதற்கும் முழங்காலுக்கு வித்தியாசம் தெரியும். அவசர வழி வரிசை மட்டும் எடுக்காதீர்கள். கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று எடுத்தால், நாற்காலியில் வருபவரை அங்கே உட்கார விடமாட்டார்கள். கடைசி நேரத்தில் மாற்றிவிடுவார்கள்.

4. பெட்டிகள்: கையில் எதுவும் மிஞ்சாதபடி கட்டுங்கள்

ஜூன் மாதம் என்பதால் தங்கைக்குச் செந்தூரா மாம்பழம் ஓர் அட்டைப்பெட்டி. அது தவிரக் கேழ்வரகு மாவு, ஊறுகாய், அம்மாவின் துணிமணி. மாம்பழப் பெட்டியையும் ஒரு பெரிய பெட்டியையும் கவுன்ட்டரில் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு 7 கிலோ கைப்பையை வைத்துக்கொண்டோம். அனுமதிக்கப்பட்ட எடைதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஏரோபிரிட்ஜுக்குச் சரி. படிக்கட்டுக்குச் சரிவரவில்லை.

அன்று படியில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா புடவையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். இல்லாவிட்டால் காலில் மாட்டும். இன்னொரு கை நனைந்த கைப்பிடியில். எனக்குக் கொடுக்க அவரிடம் மூன்றாவது கை இல்லை. எனக்கும் இரண்டு தோளிலும் பை; அவர் பின்னால் சாய்ந்தால் தாங்க ஒரு கையும் மிச்சமில்லை. படிகள் ஓட்டை போட்ட இரும்புத் தகடுகள். இடைவெளி வழியாகக் கீழே தரை தெரியும். ஏழாவது படியில் அம்மா கீழே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். மேலே போய்ச் சேர ஏறத்தாழ பத்து நிமிடம் ஆனது.

எனவே, பெரியவரின் கைப்பையைக் கவுன்ட்டரிலேயே சரக்கில் போட்டுவிடுங்கள். உள்நாட்டுச் சாதாரண டிக்கெட்டில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ அனுமதி. எடையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை உருப்படி அனுமதி என்பதையும் பாருங்கள். எடை மிச்சம் இருந்தும் பெட்டி ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று பணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. வீட்டிலேயே எடை போடுங்கள். கவுன்ட்டரில் கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகும். முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் குறையும். ஐந்து கிலோ மாம்பழத்துக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பதற்குப் பதில் புனேவிலேயே வாங்கிக்கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

உங்களிடம் இருக்க வேண்டியது முதுகில் மாட்டும் ஒரே ஒரு பை. அதில் இருவரின் அடையாள அட்டை, மருந்து, டாக்டர் சீட்டு, போன், பவர் பேங்க், ஒரு துண்டு. துண்டு எதற்கு என்றால் நனைந்த கைப்பிடியைத் துடைக்க. சக்கரம் வைத்த பெட்டி படியில் சுமைதான். அதன் சக்கரத்தால் அங்கே பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. விமானம் நிரம்பியிருந்தால் கேட்டிலேயோ, சிறிய விமானமாக இருந்தால் படியின் அடியிலேயோ உங்கள் கைப்பெட்டியை வாங்கிச் சீட்டுக் கட்டிச் சரக்கறைக்கு அனுப்புவார்கள். ஏடிஆர் விமானத்தில் தலைக்கு மேலுள்ள அறைகள் சிறியவை என்பதால் இது அடிக்கடி நடக்கும். சுமை குறைந்தது என்று உடனே கொடுத்துவிடாதீர்கள். பவர் பேங்க் சரக்கறைக்குப் போகக் கூடாது. பெரியவரின் மாத்திரையும் இன்சுலினும் போகக் கூடாது. இவற்றை முதலிலேயே ஒரு சிறு பையில் தனியாக வைத்திருந்தால் உருவி எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம். ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடும். அவற்றைச் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.

5. புறப்படும் நேரம்

காவேரிப்பட்டணத்திலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையம் 130 கிலோமீட்டருக்கு மேல். ஓசூர் வரை வண்டி பறக்கும். அத்திப்பள்ளியைத் தாண்டிய பிறகு நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடக்க வேண்டும். சில்க் போர்டும் ஹெப்பாளும் உங்கள் நேரத்தைத் தின்றுவிடும்.

எங்கள் விமானம் காலை 11.20 மணிக்கு. ஐந்து மணிக்குப் புறப்பட்டோம், வழியில் ஒருமுறை நிறுத்தி இட்லி சாப்பிட்டோம், எட்டரைக்குச் சேர்ந்தோம். கைவீசிப் போகும் இளைஞருக்கு இது அதிகம். நாற்காலி கேட்பவருக்குச் சரியான நேரம். கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு மூடும். கேட் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பு மூடும். பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருந்தால் அழைப்பு இன்னும் முன்னதாக வரும். நாற்காலி தள்ள ஆள் வருவதற்கே சில நேரம் அரைமணி ஆகிறது. கார் ஏற்பாடு செய்யும்போது முனையம் ஒன்றா இரண்டா என்று டிக்கெட்டில் பார்த்து ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். தவறான முனையத்தில் இறங்கிவிட்டால் பெரியவரையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு மாறுவது பெரும்பாடு.

6. கவுன்ட்டரில் மூன்று கேள்விகள்

இணையத்தில் செக்-இன் செய்திருந்தாலும் கவுன்ட்டருக்குப் போயே ஆக வேண்டும். நாற்காலி அங்கேதான் பதிவாகும். அங்கே இந்த மூன்றையும் கேளுங்கள்.

போர்டிங் பாஸில் `WCHS` என்று இருக்கிறதா? `WCHR` என்று இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். கேட்டில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

விமானம் ரிமோட் பேயிலா, ஏரோபிரிட்ஜிலா? கவுன்ட்டரில் பெரும்பாலும் தெரியும். மாறலாம் என்றும் சொல்வார்கள்.

ரிமோட் பே என்றால் ஆம்பிலிஃப்ட் சொல்லியாகிவிட்டதா? இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆம்பிலிஃப்ட் என்பது லாரியின் மேல் வைத்த ஓர் அறை. கத்தரிக்கோல்போல விரியும் கால்கள் அந்த அறையை அப்படியே விமானக் கதவின் உயரத்துக்குத் தூக்கும். ஒரு நிலையத்தில் இவை சில வண்டிகள்தான் இருக்கும். ஒரே நேரத்தில் நான்கு விமானங்களுக்குத் தேவைப்பட்டால் வரிசைதான். அதனால்தான் முன்கூட்டிப் பதிவு செய்வதும், கவுன்ட்டரில் மீண்டும் நினைவூட்டுவதும்.

செயற்கை மூட்டு வைத்தவர்களுக்குச் சோதனைக் கதவு சத்தம் போடும். டாக்டர் சீட்டைக் காட்டினால் விளக்கம் எளிது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சோதிப்பார்கள்.

7. கேட்டில்: நாற்காலியை விட்டுக்கொடுக்காதீர்கள்

தள்ளிவருபவர் கேட்டில் விட்டுவிட்டு வேறொருவரைக் கூட்டிவரப் போய்விடுவார். சில நேரம் நாற்காலியையும் கேட்பார்: "இங்கே இருக்கையில் உட்காருங்கள் அம்மா, நேரம் ஆனால் வருகிறோம்." அவர் மீது குறை இல்லை, நாற்காலிகள் குறைவு. ஆனாலும் எழ வேண்டாம். கேட் ஊழியரிடம் போய் உங்கள் முகத்தையும் போர்டிங் பாஸையும் காட்டி, `WCHS` பயணி இங்கே அமர்ந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அவர் தன் தாளில் ஒரு குறி போட்டுக்கொண்டால் போதும்.

ஆம்பிலிஃப்ட் பயணிகளை முதலிலோ கடைசியிலோ தனியாகத்தான் ஏற்றுவார்கள். கூட்டம் பஸ்ஸில் ஏறும்போது பதறி நீங்களும் வரிசையில் போய் நிற்காதீர்கள். பஸ்ஸில் ஏறிவிட்டால், படி ஏறத் தயார் என்று நீங்களே சொன்னதாகிவிடும்.

8. ஆம்பிலிஃப்டில் என்ன நடக்கும்

திரும்பி வரும்போது நாங்கள் கண்டது இது. முனையத்தின் ஒரு வாசலிலிருந்து நாற்காலியோடு அந்த அறைக்குள் தள்ளினார்கள். உள்ளே இரண்டு பக்கமும் பெஞ்சு, தரையில் நாற்காலியைப் பூட்டும் பட்டைகள். அம்மாவோடு இன்னும் மூன்று பெரியவர்கள். துணைக்கு ஆளுக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். குடும்பமாகப் போனால் மற்றவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும், யார் பெரியவரோடு வருவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி விமானத்தின் வலப்பக்கம் போய் நின்றது. மற்றவர்கள் ஏறும் படிக்கட்டு இடப்பக்கம். இது சாப்பாடு ஏற்றும் பக்கத்துக் கதவு. அறை மெல்ல மேலே போகும்போது ஒரு குலுக்கல் இருக்கிறது, அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் போலத்தான் என்று முன்பே சொல்லி வையுங்கள். மேலே போனதும் ஒரு பலகை நீண்டு கதவோடு சேர்ந்தது. அதில் நான்கு எட்டு வைத்தார், உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான்.

9. எவ்வளவு சொல்லியும் படிக்கட்டுதான் என்றால்

முதலில் மறுத்துப் பாருங்கள். "இவர் `WCHS`, படி ஏற முடியாது, மேலாளரைக் கூப்பிடுங்கள்" என்று அமைதியாகச் சொன்னால், தாமதமானாலும் வண்டியோ சாய்தளமோ வர வாய்ப்பு உண்டு. பெரியவரைத் தூக்கிக்கொண்டு போக யாரையும் விடாதீர்கள். நனைந்த இரும்புப் படியில் ஒருவர் சறுக்கினால் இருவரும் விழுவார்கள்.

ஓரளவு ஏறக்கூடியவர், வேறு வழியும் இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்.

பஸ்ஸில் கடைசியாக ஏறுங்கள். தளம் தாழ்வான அந்தப் பஸ்களில் இருக்கைகள் மிகச் சில. முதலில் ஏறி உள்ளே தள்ளப்பட்டால் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். உள்ளே ஏறியதும், உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு ஓர் இடம் வாங்கிவிடுங்கள். கொடுக்காதவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

விமானத்தடியில் எல்லாரும் ஏறி முடிக்கட்டும். உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். உங்கள் பெயர் அவர்கள் கணக்கில் இருக்கிறது. பின்னால் நிற்பவர்களின் அவசரம்தான் பெரியவர்களை வேகமாகக் கால் வைக்கச் செய்கிறது. மழை என்றால் பஸ்ஸுக்குள்ளேயே காத்திருக்க அனுமதி கேளுங்கள்.

ஏறும்போது நீங்கள் ஒரு படி கீழே, அவருக்குப் பின்னால் நில்லுங்கள். இறங்கும்போது நீங்கள் முன்னால், ஒரு படி கீழே. ஏறும்போது வலி குறைந்த கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. கீழே பார்க்காமல் உங்கள் குரலைக் கேட்கச் சொல்லி எண்ணிக்கொண்டே ஏறுங்கள். புடவை கட்டுபவர்கள் பஸ்ஸிலேயே கொசுவத்தை உயர்த்தி இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டால் அந்தக் கை கைப்பிடிக்குக் கிடைக்கும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். பின்பட்டை வைத்த செருப்பு நல்லது.

10. இறங்கும் ஊரில் மறுபடி இதே வேலை

ஏறுவதைப் பற்றியே கவலைப்பட்டு இறங்குவதை மறந்துவிடுகிறோம். இறங்கும் இடத்திலும் ரிமோட் பேயாக இருக்கலாம். இறங்கத் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, நான்காம் வரிசையில் `WCHS` பயணி இருக்கிறார், ஆம்பிலிஃப்ட் வருமா என்று கேளுங்கள். விமானியறையிலிருந்து தரைக்குச் சொல்லிவிடுவார்கள். சிறிய நிலையங்களில் இந்த வண்டி இல்லாமலும் இருக்கலாம் என்பதால், அங்கே போகிறவர்கள் டிக்கெட் எடுத்த நாளிலேயே நிறுவனத்துக்குப் போன் செய்து எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

விமானம் நின்றதும் எழாதீர்கள். எல்லாரும் இறங்கிய பிறகுதான் உங்களை இறக்குவார்கள். அதற்குள் உங்கள் பெட்டிகள் பெல்ட்டில் சுற்றத் தொடங்கியிருக்கும். குடும்பத்தில் இன்னொருவர் இருந்தால் அவர் முதல் பஸ்ஸில் போய்ப் பெட்டியைப் பார்க்கட்டும். பெங்களூரில் திரும்பி இறங்கியபோது, விமானம் நின்றதிலிருந்து அம்மா வெளியே வந்து காரில் ஏறும் வரை 55 நிமிடம் ஆனது. ஊரிலிருந்து வந்த காரை முன்கூட்டியே வாசலுக்கு வரச் சொல்லாமல், பெட்டி கையில் கிடைத்த பிறகு போன் செய்து வரவழைத்தோம். ஓசூர் தாண்டும்போது இரவு பதினொன்றரை. அம்மா பின்னிருக்கையில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.